ஒரு கால் முன்னுக்கு, ஒரு கால் பின்னுக்கு

ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வளவில் ஊர்க்கோழி வளர்க்கிறோம். போன வருடம் சின்ன இன்குபேட்டர் ஒன்றில் 60 குஞ்சு பொரித்தன. ஒன்பதாம் கிழமை ஒரு பேடு நொண்டியது. நாய் துரத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் அது ஒரு காலை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் நீட்டிப் படுத்துவிட்டது. கண்ணில் தெளிவு இருந்தது, தீனை வாய்க்கருகில் வைத்தால் கொத்தியது. பிறகு இன்னும் நான்கு விழுந்தன.

விட்டமின் பி2 குறைவு என்று நினைத்துப் பத்து நாள் தண்ணீரில் விட்டமின் கரைத்துக் கொடுத்தேன். வீண். அந்தக் குறைவென்றால் இரண்டு மூன்று கிழமைக் குஞ்சுகளில் விரல்கள் உள்பக்கம் சுருளும் என்று மிருக வைத்தியர் பிறகு சொன்னார்.

அவரிடம் செத்த ஒன்றைக் கொண்டுபோனேன். தொடையின் உள்பக்கத்தைக் கீறி இரு கால் நரம்பையும் காட்டினார். ஒன்று மெல்லியதாய், வெள்ளையாய், குறுக்கே நுண்ணிய வரிகளோடு மினுங்கியது. மற்றது தடித்து, மங்கி, வரி தெரியாமல் கிடந்தது. இழுத்துக் கிடந்ததும் அந்தப் பக்கத்துக் கால்தான்.

"மரெக்ஸ். முதல் நாள் ஊசி போட்டனீங்களோ?"

"இல்லை ஐயா. இனிப் போடலாமோ?"

"இனிப் போட்டுப் பயனில்லை."

மரெக்ஸ் என்பது கோழிகளுக்குக் கால் வாதமும் உடம்புக்குள் கட்டியும் வரச்செய்யும் வைரஸ் நோய். இந்த வைரஸ் முட்டை வழியாக வருவதில்லை. நோய்க்கிருமியைச் சுமக்கும் கோழியின் இறகுப் பொடியோடு உதிர்ந்து, கூட்டுத் தூசியில் மாதக்கணக்கில் கிடக்கும். குஞ்சு அதை மூச்சோடு இழுத்தால் சாகும்வரை உடம்பில் இருக்கும்; கால் விழுவதோ பல கிழமை கழித்து. மருந்து கிடையாது. தூசி உள்ளே போக முன்னர் ஊசி போக வேண்டும், அதனால்தான் பொரித்த நாளே போடுகிறார்கள். என் குஞ்சுகளை நான் தாய்க்கோழிகளின் பழைய கூட்டிலேயே விட்டிருந்தேன். எல்லாமாக 17 போயின.

அடுத்த தடவை வந்த சிக்கல் வேறு. எங்களுக்குக் கிடைத்த குப்பி 1000 குஞ்சுக்கானது. கரைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை வைக்க முடியாது. ஆகவே பக்கத்து வளவு அக்காவும் நானும் ஒரே நாளில் முட்டை வைத்தோம். மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, அதனோடு வந்த திரவத்தில் கரைத்து, கழுத்தின் பின்பக்கத் தோலைத் தூக்கி 0.2 மில்லிலீற்றர் வீதம் போட்டோம். முதல் சிலதில் ஊசி மறுபக்கத்தால் வெளியே வந்து இறகுதான் நனைந்தது. அவற்றுக்குத் திரும்பப் போட்டோம்.

எதிர்ப்பு வர ஒரு கிழமையாவது ஆகும். அதுவரை வைரஸ் முந்தக்கூடாதே. பழைய உமியை அள்ளி எரித்துவிட்டு, குஞ்சுகளைப் பெரிய கோழிகளுக்கு எட்டத் தனி அறையில் வைத்தோம். ஊசி கட்டியையும் வாதத்தையும் தடுக்குமே தவிர, வைரஸ் தொற்றுவதையோ பரப்புவதையோ முழுதாகத் தடுக்காது. இந்தத் தொகுதிக்கு இப்போது பதினான்கு கிழமை. ஒன்று மட்டும் நொண்டுகிறது, அதைப் பிரித்து வைத்திருக்கிறேன்.