மாறற்றிறன் மறையாக வந்த கதை

கால்குலேட்டரில் மூன்று தரம் Math ERROR வாங்கியபின்தான் இதை எழுதுகிறேன். கல்லடியில் எங்கள் பின்வளவில் தொங்கும் டிஜிட்டல் வெப்பமானியில், பங்குனி மாதத்து ஒரு கிழமைக்கு, நாளின் அதிகூடிய வெப்பநிலையைக் குறித்து வைத்தேன். ஏழு வாசிப்புகள், செல்சியசில்: 31.2, 31.8, 32.1, 31.5, 30.9, 31.6, 32.0. நாளுக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை நியம விலகலாக ஒரே எண்ணில் சொல்ல ஆசை.

கூட்டினால் 221.1, இடை 31.5857. வெப்பமானியே ஒரு தசமதானம்தானே காட்டுகிறது என்று 31.6 ஆக்கினேன். அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த குறுக்கு வழி: வர்க்கங்களின் இடையிலிருந்து இடையின் வர்க்கத்தைக் கழிப்பது. வருவது மாறற்றிறன், அதன் வர்க்கமூலம்தான் நியம விலகல். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6984.71, அதை ஏழால் பிரித்தால் 997.816. இடையின் வர்க்கம் 998.56. கழித்தால் −0.744! மாறற்றிறன் என்பது இடையிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களுடைய சராசரி, அது மறையாக வரவே முடியாது. பிறகு எங்கே வர்க்கமூலம் எடுப்பது? கூட்டல் பிழை என்று நினைத்து ஒரு பின்னேரம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கூட்டினேன். ஒவ்வொரு தரமும் அதே விடை.

உயர்தரம் படிக்கும் மகள் கொப்பியை எட்டிப் பார்த்தாள். "அப்பா, இடையை ஏன் வெட்டினீங்க?"

"பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்று நாலுதானே மகள், அதில என்ன வந்திரப் போகுது?"

வந்தது. இடையில் 0.0143 பிழை இருந்தால், அதன் வர்க்கத்தில் ஏற்படும் பிழை இடையின் இருமடங்கால் பெருகும். 2 × 31.6 × 0.0143 என்பது ஏறத்தாழ 0.90. நான் தேடிய மாறற்றிறனோ வெறும் 0.158. ஆயிரத்தை ஒட்டிய இரண்டு எண்களைக் கழித்து இத்தனை சின்ன மிச்சத்தைப் பிடிக்கப் போனால், வெட்டிய தசமம் மிச்சத்தையே விழுங்கிவிடும். வாசிப்புகள் இன்னும் கொஞ்சம் பரவியிருந்தால் விடை நேர் எண்ணாக வந்திருக்கும், பிழை என்று தெரிந்தே இருக்காது. அதுதான் பயம்.

சரி, நீட்டு வழிக்கு வந்தேன். அதே வெட்டிய 31.6 ஐ ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் கழித்தால் −0.4, 0.2, 0.5, −0.1, −0.7, 0, 0.4. வர்க்கித்துக் கூட்டினால் 1.11, ஏழால் பிரித்தால் 0.1586. உண்மை விடை 0.1584. இந்த வழியில் இடையின் பிழை அதன் வர்க்கமாக மட்டுமே, அதாவது 0.0002 ஆக, உள்ளே வருகிறது. 0.1584 என்பது பாகை வர்க்கத்தில் இருக்கும், அதை வைத்து வெயிலைப் பற்றி ஒன்றும் பேச முடியாது. வர்க்கமூலம் எடுத்தால் 0.40 பாகை. எங்கள் பங்குனி வெயில் இந்தக் கிழமை 31.6 ஐச் சுற்றி அவ்வளவுக்குத்தான் அசைந்திருக்கிறது.

எல்லா வாசிப்பிலிருந்தும் 31 ஐக் கழித்துவிட்டு, 0.2, 0.8, 1.1 என்று சின்ன எண்களில் கணக்குப் போட்டாலும் நியம விலகல் மாறாது. எடுகொண்ட இடை என்று படித்தது இதற்குத்தான் என்று இப்போதுதான் விளங்குகிறது. என் வெப்பமானி எப்போதும் அரைப் பாகை கூடக் காட்டினாலும் இடைதான் கெடும், நியம விலகல் தப்பிவிடும். ஆனால் சில நாள் கூடவும் சில நாள் குறையவும் காட்டினால் அந்தத் தடுமாற்றமும் சேர்ந்துதான் அளக்கப்படும். 0.40 இல் எவ்வளவு வானத்தினுடையது, எவ்வளவு கருவியினுடையது என்று பிரிக்க இரண்டாவது வெப்பமானி ஒன்று பக்கத்தில் வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பித்த ஒன்று வந்த அன்றே திரை செத்துப்போய்விட்டது. விற்றவர் இப்போது போன் எடுப்பதில்லை.

கணினியில் எக்செலில் போட்டுப் பார்த்தபோது இன்னொரு குழப்பம். STDEV.P 0.40 தந்தது, STDEV.S 0.43. இரண்டாவது, ஏழுக்குப் பதில் ஆறால் பிரிக்கிறது. இந்த ஏழு நாளைப் பற்றி மட்டும் பேசினால் முதலாவது போதும். முழுப் பங்குனிக்கும் இதை மாதிரியாக எடுத்தால் இரண்டாவது. ஏழு வாசிப்பும் தங்கள் சொந்த இடைக்குக் கிட்டவாகவே நிற்கும், மாதத்தின் உண்மை இடைக்கு அவ்வளவு கிட்ட நிற்காது. அந்தக் குறையை ஆறால் பிரிப்பது ஈடு செய்கிறது. அதிலும் அடுத்தடுத்த நாள் வெயில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஒரே கிழமையை வைத்து மாதத்தை மதிப்பிட்டால் 0.43 உம் குறைவாகவே இருக்கலாம்.

ஆடியில் கச்சான் அடிக்கும்போது இதே ஏழு நாளை மறுபடி எடுக்கப் போகிறேன். அதற்குள், வெயில் நேரே படாமலும் காற்று புகும்படியும் வெப்பமானியை வைக்கிற வெள்ளை அடித்த ஸ்டீவன்சன் பெட்டி தயாராக வேண்டும். சரிவுப் பலகைகளை ஓடாவி இன்னும் அறுத்துத் தரவில்லை. இப்போதைக்கு வெப்பமானி மாமர நிழலில்தான் தொங்குகிறது. மூன்று மணிக்குமேல் தகரக் கூரையின் சூடு அந்தப் பக்கம் வருகிறதோ என்று ஒரு சந்தேகம், நாளைக்குக் கயிற்றை மாற்றிக் கட்டிப் பார்க்க வேண்டும்.