பதின்மூன்றில் ஐந்து

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் ஏப்ரல் முடிவிலிருந்து செப்டெம்பர் வரைதான் விடுதிகள் நிறையும். அதற்கு முன்னதாகக் கணக்குப் பிரிவுக்கு ஓர் உதவியாளரைத் தேடுவது எங்கள் விடுதியில் வழக்கம். விண்ணப்பதாரிகளைப் பார்க்கும் பொறுப்பு கணக்காளர் என்ற முறையில் என்னிடம் வரும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று பல இடங்களிலிருந்தும் பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் பலருடைய சுயவிவரக் கோவையில் ‘ஏசிசிஏ – தொடர்கிறது’ என்ற வரியைப் பார்க்கிறேன். இணையவழி வகுப்பு வந்த பிறகு இந்த ஊரிலிருந்தே அந்தச் சர்வதேசக் கணக்காளர் தகுதிக்குப் படிக்க முடிகிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு என்னால் எதையும் தீர்மானிக்க முடிவதில்லை. போன மாதம் பதிவுக் கட்டணம் கட்டியவரும், கடைசிப் பாடத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பவரும் அதையேதான் எழுதுகிறார்கள்.

ஏசிசிஏயில் தற்போது எழுத வேண்டிய பாடங்கள் 13. அறிவு நிலையில் மூன்று, திறன் நிலையில் ஆறு, இறுதி நிலையில் நான்கு. சித்தியடைய ஒவ்வொன்றிலும் 50 புள்ளிகள் வேண்டும். அறிவு நிலைப் பாடங்களையும் வணிகச் சட்டத்தையும் நமக்கு வசதியான நாளில் கணினியில் எழுதலாம். மற்றவற்றுக்கு மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் என வருடத்துக்கு நான்கு தவணைகள் உண்டு. படித்த பட்டத்தையோ டிப்ளோமாவையோ காட்டிச் சில பாடங்களுக்கு விலக்கும் பெறலாம். ஆகவே ‘ஐந்து பாடம் முடித்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னாலும் போதாது. எழுதிச் சித்தியடைந்த ஐந்தா, விலக்குப் பெற்ற ஐந்தா, எந்த நிலையின் ஐந்து என்று கேட்கவேண்டியிருக்கிறது. விலக்குப் பெற்ற பாடத்துக்குப் புள்ளி கிடையாது. அதில் தவறொன்றும் இல்லை. தனியாகக் குறிப்பிட்டால் போதும்.

2025 தொடக்கத்தில் நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒரு பெண்ணின் கோவையில் ‘ஏசிசிஏ, 2022 முதல் இன்றுவரை’ என்று மட்டும் இருந்தது. நிலாவெளியில் ஒரு சிறிய விருந்தினர் இல்லத்தில் கணக்கு எழுதிய அனுபவம் அவருக்கு இருந்தது. பேசப்பேச, அந்த ஒற்றை வரிக்குள் எவ்வளவோ அடங்கிக் கிடப்பது தெரிந்தது. தேர்வு முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, அவர் சொன்னவற்றை இப்படி எழுதிக் காட்டினேன்:

‘ஏசிசிஏ மாணவர், பதிவு 2022. 13 பாடங்களில் 5 சித்தி: அறிவு நிலையின் மூன்று பாடங்களும், திறன் நிலையில் வணிகச் சட்டம், நிதி அறிக்கையிடல் (டிசெம்பர் 2024, 61 புள்ளிகள்). விலக்கு எதுவும் இல்லை. அடுத்தது கணக்காய்வு, ஜூன் 2025 தவணை. பெறுபேற்று விபரம் கேட்டால் காட்டப்படும்.’

இதில் உள்ள ஒவ்வொன்றையும் சரிபார்க்கலாம். மாணவரின் இணையக் கணக்கில் பாடவாரியாகப் பெறுபேறு இருக்கும்; அடுத்த தவணைக்குப் பதிந்திருந்தால் அதுவும் இருக்கும். நிதி அறிக்கையிடலின் புள்ளியை மட்டும் எழுதச் சொன்னதற்குக் காரணம், எங்கள் வேலைக்கு நேரடியாகத் தேவைப்படும் பாடம் அது.

முடிக்கப்போகும் ஆண்டை எழுதுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பெண்ணும் 2026இல் முடித்துவிடுவேன் என்றுதான் முதலில் சொன்னார். எட்டுப் பாடங்கள் மிச்சம். முழுநேர வேலையோடு தவணைக்கு ஒரு பாடம் என்றால் எட்டுத் தவணை, அதாவது ஒன்றிலும் தவறாமல் இருந்தாலே இரண்டு வருடம். ஜூன் 2025இல் தொடங்கினால் மார்ச் 2027. இந்தக் கணக்கை யாரும் அரை நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடுவார்கள். கணக்கு வேலைக்கு வருகிறவர் தன் கணக்கையே சரியாகப் போடவில்லை என்ற எண்ணம் ஏற்பட்டால், உண்மையாகவே முடித்த ஐந்து பாடங்களின் மதிப்பும் குறைந்துபோகும். முடிவு ஆண்டை விட்டுவிட்டு, பதிவான அடுத்த தவணையை மட்டும் எழுதுவது நல்லது.

மூன்று வருடத்தில் ஐந்து பாடம்தானா என்றும் கேட்டேன். செயலாற்றல் முகாமைத்துவத்தை 2024 செப்டெம்பரில் எழுதி 44 புள்ளிகள் பெற்றதாகவும், வேலையோடு இரண்டு பாடங்களை ஒரே தவணையில் எடுத்தது தாங்கவில்லை என்பதால் இப்போது ஒவ்வொன்றாக எழுதுவதாகவும் சொன்னார். தவறிய பாடத்தைக் கோவையில் எழுத வேண்டியதில்லை. கேட்கும்போது இப்படித் தவணையும் புள்ளியும் காரணமும் தடுமாறாமல் வந்தால், எஞ்சிய விபரங்களையும் நம்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இவ்வளவும் படிப்பின் நிலவரம். அந்தப் படிப்பு வேலையில் எங்கே பயன்பட்டது என்பதைச் சொல்லும் ஒரு வரியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகத் தேடுகிறேன். அவரிடம் அது இருந்தது, எழுதத்தான் தோன்றவில்லை. விருந்தினர் இல்லத்தின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஜூலையில் மூன்று இரவு தங்க ஒரு குடும்பம் மார்ச்சிலேயே அறை பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90,000 ரூபாய், முற்பணம் 45,000. முன்பு அங்கே அந்த 45,000ஐ மார்ச் மாத வருமானமாகவே எழுதிவந்திருக்கிறார்கள். நிதி அறிக்கையிடலில், வருமானத்தை எப்போது கணக்கில் எடுப்பது என்பதைச் சொல்லும் ஐஎஃப்ஆர்எஸ் 15 நியமத்தைப் படித்தபோது, விருந்தினர் இன்னும் தங்கவில்லையே, இது எப்படி இந்த வருடத்து வருமானமாகும் என்று அவர் யோசித்திருக்கிறார். உரிமையாளரிடம் சொன்னதற்கு, “காசு கைக்கு வந்துவிட்டதே, பிள்ளை” என்றாராம். அப்படிப் பெற்ற முற்பணங்களையெல்லாம் பட்டியலிட்டு, மார்ச் 31இல் அவற்றைப் பொறுப்பாக, அதாவது விருந்தினருக்கு இன்னும் தீர்க்க வேண்டிய கடனாகக் காட்டி, தங்கிய மாதத்தில் வருமானத்துக்கு மாற்றும் பதிவுகளை எழுதிக் கணக்காய்வாளரிடம் கொடுத்திருக்கிறார். அவரும் ஏற்றுக்கொண்டார்.

“முற்பணம் திருப்பித் தரப்படாது என்று நிபந்தனை இருந்தால்?” என்று கேட்டேன்.

“அப்போதும் பொறுப்புத்தான், சேர். அறையைக் கொடுக்க வேண்டிய கடமை இருக்கிறதே. அவர்கள் வராமல் அந்த நாள் கடந்துபோனால்தான் வருமானமாக எடுக்கலாம்.”

பாடத்தை மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் தடுமாறுவார். ஆகவே வேலை அனுபவத்தின் கீழே இதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னேன்: ‘ஆண்டிறுதியில் அறை முற்பணங்களை வருமானத்திலிருந்து பிரித்துப் பொறுப்பாகக் காட்டும் பட்டியலைத் தயாரித்தேன், கணக்காய்வில் ஏற்கப்பட்டது.’ முடியாத படிப்பு பயன் தந்ததற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது.

பெயருக்குப் பின்னால் ஏசிசிஏ என்று போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்த எழுத்துகள் அங்கத்தவருக்கு மட்டுமே உரியவை. 13 பாடங்களையும் முடித்தவர்கூட, நெறிமுறைப் பயிற்சியையும் 36 மாத வேலை அனுபவத்தையும் நிறைவு செய்து அங்கத்தவராகும்வரை அவற்றைப் போட முடியாது. தெரியாமல் போட்டாலும், தெரிந்தவர் கண்ணில் அது பொய்யாகவே படும்.

அந்த 36 மாதத்தைப் பரீட்சை எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நம் பிள்ளைகள் பலர் விட்டுவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை. படிக்கும் காலத்திலேயே தகுந்த வேலையைப் பதிவு செய்து வரலாம். ஒன்பது செயல்திறன் இலக்குகளை அடைந்ததையும் காட்டவேண்டும். வேலை செய்த காலத்தை மேலாளர் உறுதிப்படுத்தலாம். இலக்குகளில் கையொப்பமிட அங்கீகாரம் பெற்ற கணக்காளர் ஒருவர் வேண்டும். சிறிய விடுதிகளில் அப்படி ஒருவர் இருப்பது அரிது. அங்கே, வேலையை நேரில் அறிந்த வெளிக் கணக்காய்வாளரிடம் கேட்கலாம். இந்தப் பெண்ணுக்கும் அதையே சொன்னேன். முற்பணப் பட்டியலைப் பார்த்து ஏற்றுக்கொண்டவர் அந்தக் கணக்காய்வாளர்தான். அவர் நினைவில் அது இருக்கும்போதே போய்க் கேளுங்கள் என்றேன்.