அண்ணியின் கேக் மெனுவைத் திருத்திய அனுபவம்

மதுரையில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அண்ணியின் வாட்ஸ்அப் மெனுவையும் ஆர்டர் படிவத்தையும் கொஞ்ச நாளாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எழுத்தைச் சீர்படுத்துவது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் இங்கே அழகான வாக்கியத்துக்கு வேலையில்லை. வாங்குபவர் ஒருமுறை படித்ததும் எத்தனை வரும், எப்போதுக்குள் சொல்ல வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்றும் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

பழைய மெனு இப்படி இருந்தது:

> சாக்லேட் ட்ரஃபிள் 900/கிலோ, வெனிலா 700
> பிரௌனி 60
> கப் கேக் 6 – 300
> குக்கீஸ் 250 – 180
> 2 நாள் முன்னாடி சொல்லவும். அட்வான்ஸ் கட்டாயம். டெலிவரி எக்ஸ்ட்ரா.

செய்தவருக்கு இதில் குழப்பமே இல்லை. அதனால் மெனுவை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு, அண்ணியின் பழைய உரையாடல்களை எடுத்து, அவர் எங்கெல்லாம் திருப்பிக் கேள்வி கேட்க வேண்டி வந்தது என்று குறித்தேன். "2 பிரௌனின்னா துண்டா, பெட்டியா?" "எந்த ஞாயிறு?" "அட்வான்ஸ் யார் பேர்ல வந்துச்சு?" இப்படித் திருப்பிக் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் மெனுவில் எந்த வரி தெளிவில்லை என்பதைக் காட்டியது.

முதலில் அளவு. "குக்கீஸ் 250 – 180" என்பதை ஒருவர் 250 ரூபாயிலிருந்து 180 ரூபாயாகக் குறைத்த விலை என்றே புரிந்துகொண்டிருந்தார். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லையென்றால் படிப்பவர் தாமாக ஒன்றைப் போட்டுக்கொள்வார். பிரௌனியில் சிக்கல் இன்னும் ஆழம். அண்ணி 8 அங்குலச் சதுரத் தட்டில் சுட்டு, மூன்றுக்கு மூன்றாக 9 துண்டு போடுகிறார். இரண்டு துண்டு மட்டும் வேண்டும் என்றால் மீதி ஏழை என்ன செய்வது? உண்மையில் அவர் விற்பது பெட்டியை, மெனு சொல்வதோ துண்டின் விலையை. விற்கும் அலகையே எழுதச் சொன்னேன்.

கிலோ விலையும் அப்படித்தான். 900/கிலோ என்றால் அரைக் கிலோ 450 என்று யாரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் பெட்டி, அடி அட்டை, கிரீம் தடவும் வேலை எதுவும் பாதியாவதில்லை என்பதால் அண்ணி வாங்குவது 500. விலை சொல்லும்போதெல்லாம் "ஏன் அம்பது ரூபா கூட?" என்று ஒரு பேச்சு வரும். இரண்டு விலையையும் தனித்தனி வரியில் போட்டதும் அந்தப் பேச்சு நின்றது. எடை என்பது கிரீமும் அலங்காரமும் சேர்ந்த எடை, அட்டை சேராது என்று ஒரு வரியும் சேர்த்தோம். வெறும் கேக்கே ஒரு கிலோ, கிரீம் அதற்கு மேல் என்று நினைப்பவர்கள் உண்டு.

படிவத்தில் எண்ணிக்கையைத் தட்டச்சு செய்யும் கட்டத்தை எடுத்துவிட்டேன். அங்கே "20 பேருக்கு", "கொஞ்சம் பெருசா" என்றெல்லாம் வந்துகொண்டிருந்தன. இப்போது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்: "1 பெட்டி = 9 துண்டு, ₹540", "2 பெட்டி = 18 துண்டு, ₹1,080", "3 பெட்டி = 27 துண்டு, ₹1,620". 20 பிரௌனி தேவைப்படுபவர் 18 போதுமா, 27 வாங்கலாமா என்று அங்கேயே முடிவு செய்துகொள்கிறார்.

அடுத்தது கெடு. எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். "2 நாள் முன்னாடி" என்பதை எங்கிருந்து எண்ணுவது? வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, ஞாயிறு காலைக்குக் கேட்டு ஒருவர் செய்தி அனுப்பினால் அவர் கணக்கில் அது இரண்டு நாள். அண்ணியின் சமையலறையில் அப்படி இல்லை. வெள்ளி மாலை கிரீமும் சாக்லேட்டும் வாங்கி, இரவு ஸ்பாஞ்ச் சுட்டு ஆறவைத்துக் குளிரவைக்க வேண்டும். குளிர்ந்த ஸ்பாஞ்ச்தான் பொடியாக உதிராமல் அடுக்காக வெட்ட வரும். சனிக்கிழமை கிரீம் தடவி மறுபடி குளிரில் வைத்தால்தான் ஞாயிறு கொடுக்க முடியும். ஆக, கடை மூடுவதற்கு முன் வெள்ளி மாலை ஒரு நேரம் இருக்கிறது, அதுதான் கெடு. "48 மணி நேரம்" என்று எழுதிப் பார்த்தோம். மாலை விருந்துக்குக் கேக் கேட்பவர் முந்தின நாளுக்கு முந்தின நாள் இரவு வரை நேரம் இருக்கிறது என்று எண்ணினார். அதனால் கணக்கை விட்டுவிட்டு, அந்த வாரத்தின் கிழமையையும் தேதியையும் அப்படியே எழுதுவது என்று முடிவானது: "ஞாயிறு 14ஆம் தேதி கேக் வேண்டுமா? வெள்ளி 12ஆம் தேதி மாலை 6 மணிக்குள் முன்பணம் வந்திருக்க வேண்டும்." ஒவ்வொரு திங்களும் அண்ணி இந்த வரியை மாற்றி அனுப்புகிறார்.

ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவில் செய்த பொம்மை வைத்த கேக்குக்குத் தனி வரி. அந்தப் பொம்மைகள் காய்ந்து கெட்டியாக வேண்டும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் தாமதமாகும். அதற்கு 5 நாள் கெடு, அதுவும் கிழமையாகவே எழுதப்படுகிறது.

நம் ஊரில் இன்னொரு கண்ணி உண்டு, இரவு 12 மணிக்கு வெட்டும் பிறந்தநாள் கேக். பிறந்தநாள் 15 என்றால் வாங்குபவர் படிவத்தில் 15 என்று போடுவார். கேக் அவர் கையில் இருக்க வேண்டியதோ 14ஆம் தேதி மாலை. "15 இரவு 12" என்று எழுதினாலும் 15 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று தெரியாது. இதற்காகக் கேள்வியையே மாற்றினோம். "எந்தத் தேதிக்கு வேண்டும்?" என்று இருந்தது "கேக்கை எந்தத் தேதியில் கையில் வாங்கிக்கொள்வீர்கள்?" என்றானது. அதன் கீழே சிறிய குறிப்பு: "நள்ளிரவில் வெட்டுவதாக இருந்தால், அதற்கு முந்தைய மாலையின் தேதியைப் போடுங்கள்." நேரத்தைத் தட்டச்சு செய்ய விடாமல் காலை 10–11, மாலை 4–5, மாலை 6–7 என்று மூன்று தேர்வுகள் மட்டும் வைத்தோம். தேதிக்கு அடுத்து கிழமையையும் தனியாகக் கேட்கிறோம். "எதுக்குத் தம்பி ரெண்டு தடவை?" என்றார் அண்ணி. கூகுள் ஃபார்ம்ஸின் தேதிக் கேள்வி, கடந்துபோன தேதியைப் போட்டாலும் தடுக்காது. தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் எதையோ தவறாகத் தொட்டிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும், ஒரு தொலைபேசி அழைப்பில் சரிசெய்யலாம். இந்த இரட்டைக் கேள்வியை நான் எந்தப் படிவத்திலும் விடமாட்டேன்.

பணத்துக்கு வருவோம். முதலில் "முன்பணம் 50%" என்று எழுதினேன். அத்தையிடம் கைபேசியைக் கொடுத்து, "மூணு பெட்டி பிரௌனிக்கு இப்ப எவ்வளவு கட்டுவீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "டெலிவரிக் காசையும் சேர்த்தா பாதி?" என்றார். நியாயமான கேள்வி. சதவீதத்தை எடுத்துவிட்டு ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் முன்பணத்தை ரூபாயில் போட்டோம். டெலிவரிக் கட்டணம் தனி, மீதித் தொகையுடன் சேர்த்துக் கொடுப்பது.

ஆனால் தொகையைவிட வரிசைதான் பெரிய பிரச்சினை. பழைய மெனுவின் அடியிலேயே ஜிபே எண் இருந்தது. சிலர் மெனுவைப் பார்த்ததும் பணத்தை அனுப்பிவிட்டு ஆர்டர் ஆகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள். அந்த ஞாயிறு அடுப்பில் இடமே இருக்காது, பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், மனத்தாங்கல் வேறு. இன்னொரு பக்கம், படிவத்தை அனுப்பியதும் திரையில் "Your response has been recorded" என்று வருவதைப் பார்த்துப் பணமே கட்டாமல் ஆர்டர் முடிந்தது என்று நினைப்பவர்களும் இருந்தார்கள். அந்த வாக்கியத்தை மாற்ற முடியும் என்பது பலருக்குத் தெரியாது. Settings-க்குள் Presentation பகுதியில் Confirmation message என்று இருக்கிறது. அங்கே இப்படி எழுதினோம்: "உங்கள் விவரம் வந்து சேர்ந்தது. ஆர்டர் இன்னும் உறுதியாகவில்லை. அந்தத் தேதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, முன்பணத் தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பணம் வந்ததும் 'உறுதி' என்று பதில் வரும். அதன் பிறகே தேதி உங்களுடையது."

மெனுவிலிருந்து பணம் அனுப்பும் எண்ணை எடுத்துவிட்டோம். இடம் இருக்கிறது என்று சொல்லும் பதிலில் மட்டும்தான் அது போகும். இதில் ஒரு குறை உண்டு, கெடுவுக்குப் பத்து நிமிடம் முன்னால் படிவம் அனுப்புபவருக்கு அண்ணி கைபேசியைப் பார்க்காமல் இருந்தால் பதில் கிடைக்காது. இரண்டாவதாகப் படிவத்துக்கென ஒரு கெடு வைத்தால் குழப்பம் கூடும் என்பதால் அதை அப்படியே விட்டிருக்கிறோம்.

இப்போது போகும் மெனுவின் முக்கிய வரிகள்:

> *டிசம்பர் 8–14 வாரத்துக்கான விலை*
> *ஞாயிறு 14 வேண்டுமா? வெள்ளி 12 மாலை 6-க்குள் முன்பணம்*
> சாக்லேட் ட்ரஃபிள் 1 கிலோ: ₹900 (முன்பணம் ₹450)
> சாக்லேட் ட்ரஃபிள் அரைக் கிலோ: ₹500 (முன்பணம் ₹250)
> பிரௌனி 1 பெட்டி, 9 துண்டு: ₹540 (முன்பணம் ₹270)
> கப் கேக் 1 பெட்டி, 6 எண்ணம்: ₹300 (முன்பணம் ₹150)
> குக்கீஸ் 1 பாக்கெட், 250 கிராம்: ₹180 (முழுப் பணமும் முன்னதாக)
> மீதியும் டெலிவரிக் கட்டணமும் கேக் வாங்கும்போது.
> படிவம் நிரப்புங்கள். *'உறுதி' என்று பதில் வந்தால்தான் ஆர்டர்.*

வாரத்தை மேலே போட்டதற்குக் காரணம் ஃபார்வேர்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும், அப்படித் திருத்தினாலும் யாரோ ஃபார்வேர்டு செய்த பிரதி மாறாது. பழைய விலை எங்கோ ஒரு குடும்பக் குழுவில் சுற்றிக்கொண்டே இருக்கும். கெடுவும் மேலேயே வர வேண்டும். நீளமான செய்தியை வாட்ஸ்அப் சுருக்கி Read more என்று காட்டும், எல்லோரும் அதைத் தொடுவதில்லை. தடித்த எழுத்து மூன்றே வரிகளுக்கு, வாரம், கெடு, உறுதி. "எல்லாத்தையும் போல்டு பண்ணுங்க" என்றார் அண்ணி. எல்லாம் தடித்தால் எதுவும் கண்ணில் படாது என்று இரண்டு பிரதியையும் அருகருகே காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

படிவத்தால் தீராதவையும் இருக்கின்றன. இணையத்திலிருந்து மூன்றடுக்குக் கேக்கின் படத்தை அனுப்பி "இதே மாதிரி 1 கிலோவில்" என்று கேட்பவருக்கு அண்ணிதான் பேசிப் புரியவைக்க வேண்டும். ஒரு பெட்டிக் கப் கேக்கில் இரண்டு சுவை கலக்கலாமா என்ற கேள்வி இன்னும் வருகிறது. மூன்றுக்கு மூன்று என்று ஒரு தேர்வு சேர்க்க வேண்டும்.

அடுத்தது கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்குத் தனிப் படிவம். அங்கே எல்லையாக இருப்பது ஏற்கெனவே ஊறவைத்த பழத்தின் அளவு. அது எத்தனை அரைக் கிலோ கேக்குக்குப் போதும் என்று அண்ணி கணக்குச் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணிக்கை வந்ததும் படிவத்தை நிறுத்த வேண்டும். ஒருவரே நான்கு கேக் கேட்டால் பதில்களை எண்ணுவது போதாது, கேக்குகளைக் கூட்ட வேண்டும். பதில்கள் விழும் தாளில் அதற்கு ஒரு கூட்டல் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.