வெட்டியெடுத்த குழாய்த் துண்டு

“இதையும் கணக்கில் எடுத்திருக்கிறீர்களா தம்பி?” என்று அண்ணை கேட்டார். “எடுத்திருக்கிறேன் அண்ணை” என்றேன். பேச்சு அவ்வளவுதான். பம்பி அறையின் வாசலில், மதிய வெயிலில், அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆண்டுகள் பல போன பின்னும் அந்த அரை நிமிடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பழைய நீர் வழங்கல் திட்டத்தை உயிர்ப்பிக்கும் வேலை அது. கிணற்றடிப் பம்பி அறையிலிருந்து நீர்த்தாங்கி வரை நிலத்துக்கடியில் 1200 மீற்றர் வார்ப்பிரும்புக் குழாய் கிடந்தது. விட்டம் 150 மில்லிமீற்றர். போருக்கு முன் பதித்தது. அழுத்தம் ஏற்றிச் சோதித்தோம், கசிவு இல்லை. மதகடியில் மட்டும் உடைந்திருந்த ஒரு பகுதியை வெட்டி மாற்றினோம். குழாயை அப்படியே பயன்படுத்துவது, புதிதாகப் பம்பி மட்டும் வாங்குவது என்று முடிவாயிற்று. எந்தப் பம்பி என்று சொல்வது என் பொறுப்பு.

செக்கனுக்கு 15 லீற்றர் தேவை. கிணற்றடியிலிருந்து தாங்கியின் மேல்மட்டம் 18 மீற்றர் உயரம். அந்த 18 மீற்றரோடு, குழாயின் உராய்வு எத்தனை மீற்றரைத் தின்னும் என்று கண்டுபிடித்துக் கூட்ட வேண்டும். அதற்குத்தான் மூடி என்ற பொறியியலாளரின் வரைபடம். 1944இல் வெளிவந்த அந்த ஒற்றைத் தாளை இன்றும் பொறியியல் படிக்கிற எல்லாரும் விரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

கணக்கு கடினமானதல்ல. ஓட்டத்தைக் குழாயின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வேகம் செக்கனுக்கு 0.85 மீற்றர். எங்கள் வெயிலில் நீர் 30 பாகை செல்சியசுக்குக் கிட்ட இருக்கும், ஆகவே அதன் பாகுநிலை குறைவு. ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்று காட்டும் ரெனோல்ட்ஸ் எண் ஏறக்குறைய 1,60,000 வந்தது. 4000ஐத் தாண்டினாலே கொந்தளிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். இது எவ்வளவோ மேலே. அடுத்தது உட்சுவரின் கரடுமுரடு. வார்ப்பிரும்புக்குப் பாடப்புத்தக அட்டவணை தரும் உயரம் 0.26 மில்லிமீற்றர். அதை விட்டத்தால் வகுத்தால் 0.0017. வரைபடத்தின் வலது ஓரத்தில் 0.002 என்று எழுதிய கோட்டுக்குச் சற்றுக் கீழே பென்சிலை வைத்து, அந்த வளைவுகளின் போக்கிலேயே இடப்பக்கம் நகர்ந்து, அடியிலுள்ள 1,60,000இலிருந்து எழும் நிலைக்குத்துக் கோட்டைத் தொட்ட இடத்தில் நின்றேன். அங்கிருந்து கிடையாக இடது அச்சுக்குப் போனால் உராய்வுக் காரணி 0.024. அதுதான் f. L நீளம், D விட்டம், V வேகம், g புவியீர்ப்பு, h இழப்பு.

```
h = f × (L/D) × V²/(2g)
h = 0.024 × (1200/0.15) × 0.85²/(2 × 9.81) ≈ 7 m
```

உராய்வுக்கு 7 மீற்றர். வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் 2 மீற்றர். உயரம் 18. மொத்தம் 27 மீற்றர். அந்த அளவில் 15 லீற்றர் தரும் பம்பியை எழுதிக் கொடுத்தேன்.

கடிதம் போவதற்கு முதல் நாள்தான் அண்ணை அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதகடியில் வெட்டியெடுத்த குழாயின் ஒரு முழ நீளம். அவர் அந்தத் திட்டத்தில் போருக்கு முன்பும் பம்பி இயக்கியவர், அந்தக் குழாயைப் பதித்த காலத்தை அறிந்தவர். துண்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உள்ளே வட்டம் இருக்கவில்லை. செம்மண் நிறத்தில் கட்டி கட்டியாகத் துரு, கறையான் புற்று எழும்புவது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. நான் விரலை விட்டுப் பார்த்தேன். நகத்தால் சுரண்டியபோது மேற்பொருக்கு உடைந்து, அடியில் கறுப்பாக, ஈரமாக, மையைப் போல ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டது. கட்டிகளுக்கிடையே இருந்த பள்ளத்தில் விரல்நுனி பதிந்தது. அப்போதுதான் அவர் கேட்டார்.

நான் சொன்னது பொய்யா? இங்கேதான் மனம் இரண்டாகப் பிரிகிறது. கரடுமுரடான குழாய்க்குரிய கணக்கைத்தான் நான் செய்திருந்தேன். வழுவழுப்பான குழாய் என்று எடுத்திருந்தால் உராய்வுக் காரணி 0.016 அளவில்தான் வந்திருக்கும். ஆகவே ‘கணக்கில் எடுத்தேன்’ என்ற சொல்லில் ஓர் உண்மை இருந்தது. ஆனால் அவர் பொதுவாகக் கரடுமுரடைப் பற்றிக் கேட்கவில்லை. கையில் வைத்திருந்த அந்தத் துருவைப் பற்றிக் கேட்டார். அதை நான் எடுக்கவில்லை. அட்டவணையின் 0.26 புதுக் குழாய்க்கானது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு முழத் துண்டை வைத்து 1200 மீற்றரை எப்படி எடைபோடுவது, மதகடியில் மண் ஈரம், அங்கே மட்டும் துரு கூடியிருக்கலாம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். குழாயின் உட்புறத் துருவுக்கு வெளி மண்ணின் ஈரம் காரணமாகாது என்று அப்போதே என்னை நான் மறுத்திருக்க வேண்டும்.

பம்பி வந்தது, பொருத்தினோம், ஓடியது. நீர்த்தாங்கிக்கு மணிக்கு 54 கனமீற்றர் ஏற வேண்டும். 40தான் ஏறியது. செக்கனுக்கு 11 லீற்றர்.

பம்பியில் பழுது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படி இருந்துவிடக் கூடாதா என்று விரும்பினேன். ஆனால் வெளிவாயிலில் இருந்த அழுத்தமானி வேறு கதை சொன்னது. பம்பியை நிறுத்தியபோது, திரும்பல் தடுக்கும் வால்வுக்கு அப்பால் அது காட்டியது 1.8 பார். ஒரு பார் ஏறக்குறைய 10 மீற்றர் நீர் உயரத்துக்குச் சமம், ஆகவே தாங்கியின் உயரம்தான் அது. ஓடும்போது 3.1 பார். வித்தியாசம் 1.3 பார், சுமார் 13 மீற்றர். பம்பி பழுதென்றால் அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்தே குறைந்திருக்கும். இங்கே அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல், ஓட்டம் குறைவு. பம்பி நன்றாகவே தள்ளிக்கொண்டிருந்தது, குழாய்தான் வழிவிடவில்லை.

அன்றிரவு அதே தாளை விரித்து, கணக்கைத் தலைகீழாகச் செய்தேன். 11 லீற்றருக்கு 13 மீற்றர் இழப்பு, விட்டம் 150. அப்படியானால் உராய்வுக் காரணி 0.082. பென்சிலை இடது அச்சில் அந்த உயரத்தில் வைத்துக் கிடையாக இழுத்தேன். எந்த வளைவையும் தொடவில்லை. மூடியின் தாளில் கொந்தளிப்புப் பகுதியின் உச்சிக் கோடு 0.05 கரடுமுரடுக்கானது, அதுவே எங்கள் ரெனோல்ட்ஸ் எண்ணில் காரணி 0.072 அளவில்தான் நிற்கிறது. என் குழாய் வரைபடத்துக்கு வெளியே இருந்தது.

எவ்வளவு கரடுமுரடு என்று வைத்தாலும் இந்த இழப்பு வராது என்றால், தவறு விட்டத்தில் இருக்கிறது. அண்ணையின் துண்டை எடுத்து, எதிரெதிர்க் கட்டிகளுக்கிடையே அளவுகோலை வைத்தேன். ஏறக்குறைய 130. அதைப் போட்டுத் திரும்பச் செய்தபோது காரணி 0.040க்கு இறங்கி, 0.01 கோட்டுக்குச் சற்று மேலே வந்து உட்கார்ந்தது. கட்டிகளின் மேடுபள்ளம் சுமார் ஒன்றரை மில்லிமீற்றர் என்று அதற்குப் பொருள். விரல்நுனி உணர்ந்ததும் அதே அளவுதான்.

ஓட்டம் மாறாதபோது இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்மாறாக மாறும். சுவருக்கு 10 மில்லிமீற்றர் துரு ஏறினால், அதனால் மட்டுமே இழப்பு இரண்டு மடங்கு. கரடுமுரடு அதை இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேல் பெருக்கியது. நான் கேட்ட 15 லீற்றரை அந்தக் குழாயில் தள்ள 7 மீற்றர் போதாது, 24 மீற்றர் வேண்டும். வரைபடத்தைக் கண்ணால் வாசிப்பதில் பத்து விழுக்காடு பிழை வரலாம் என்பார்கள். என் கணக்கில் அது முக்கால் மீற்றர்கூட இல்லை. பென்சில் முனையை அவ்வளவு கவனமாகக் கூராக்கிக்கொண்ட நான், பதினேழு மீற்றரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.

எட்டு மணி நேரம் ஓட வேண்டிய பம்பி பதினொரு மணி நேரம் ஓடியது. அந்த மூன்று மணி நேரத்தை அண்ணைதான் சுமந்தார். இருட்டிய பிறகு, யானை வரும் பாதையில் சைக்கிளில் வீடு போவார். “துண்டைக் காட்டினேனே தம்பி” என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த திட்டத்தில் நான் வேறு ஆளாக இருந்தேன். அதுவும் பழைய வார்ப்பிரும்புதான். கேட்பதற்கு முன்பே கரடுமுரடை 2 மில்லிமீற்றர் என்று வைத்தேன், விட்டத்தையும் குறைத்தேன். பெரிய பம்பி வந்தது. அந்தக் குழாயின் உட்புறமோ பெரிதாகக் கெட்டிருக்கவில்லை. எதிர்ப்பு குறைந்ததால் பம்பி தன் அளவைத் தாண்டி நீரைத் தள்ளியது, மோட்டார் மின்சாரத்தைக் கூடுதலாக இழுத்து மீண்டும் மீண்டும் நின்றது. கடைசியில் வால்வைப் பாதி மூடித்தான் ஓட்டினோம். விலை கொடுத்து வாங்கிய அழுத்தத்தை அந்த வால்விலேயே கொன்றோம். பயத்தில் எடுத்த எண்ணும் பார்க்காமல் எடுத்த எண்தான். அந்தக் குழாயை நான் ஓரிடத்திலும் வெட்டிப் பார்க்கவில்லை.

வெட்டிப் பார்த்தால் போதுமா என்றும் தெரியவில்லை. மதகடித் துண்டு முழுக் குழாயையும் சரியாகச் சொன்னது. இன்னோர் இடத்தில் வெட்டியிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அழுத்தமானி இரண்டை இரு முனைகளில் வைத்து, ஓட்டத்தை அளந்து, இழப்பிலிருந்து காரணியைக் கண்டுபிடிப்பதே நேரான வழி. ஆனால் அதற்கு ஓடுகிற பம்பி வேண்டும். அந்தப் பம்பியை வாங்கத்தானே கணக்கே. வாடகைக்கு ஒன்று பிடித்து ஒரு நாள் ஓட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நிதியாண்டு முடிய இரண்டு கிழமை இருந்தது. இதைச் சாட்டாகச் சொல்கிறேனா, காரணமாகச் சொல்கிறேனா என்று பிரிக்க என்னால் இன்னும் முடியவில்லை.

அந்தத் துண்டு இப்போது என் மேசைக்குக் கீழே இருக்கிறது. காய்ந்துவிட்டது, தொட்டால் பொடியாக உதிர்கிறது. போன மாதம் மறுபடி அளந்தேன். 134 வந்தது.