மைனஸ் 40 வந்ததும் பக்கத்தையே அடிச்சிட்டேன்: த்ரீ ஹிஞ்ச்டு கர்டர் கணக்குல நான் பட்டது

ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் அரியர் ஒருவழியா க்ளியர் ஆயிடுச்சு. ஆனா சஸ்பென்ஷன் கேபிள்ல தொங்குற மூணு ஹிஞ்ச் கர்டர் கணக்கு மேல இருக்குற கோவம் இன்னும் அடங்கல. முத அட்டெம்ப்ட்ல அந்த கணக்கை சரியா போட்டுட்டு, விடை தப்புனு நானே நினைச்சு மொத்தத்தையும் கோடு போட்டு அடிச்சவன் நான்.

அதே மாதிரி ஒரு கணக்கு சொல்றேன். ஸ்பான் l = 100 மீட்டர், கேபிளோட நடு டிப் d = 10 மீட்டர், கர்டருக்கு ரெண்டு முனையிலயும் நடுவுலயும் ஹிஞ்ச். இடது பக்கத்துல இருந்து 20 மீட்டர்ல 200 கிலோநியூட்டன், 60 மீட்டர்ல 300 கிலோநியூட்டன். முதல்ல கேபிளை மறந்துட்டு சாதா பீமா நினைச்சா ரியாக்‌ஷன் 280, 220. நடுவுல பீம் மொமென்ட் 8000. அங்க ஹிஞ்ச் இருக்கறதால கர்டர்ல மொமென்ட் ஜீரோ ஆகணும், அதனால 8000 முழுசையும் கேபிளோட கிடைமட்ட இழுவைதான் சமன் பண்ணணும், H = 8000/10 = 800 கிலோநியூட்டன். இது வரைக்கும் எல்லாருக்கும் வந்துடும்.

அடுத்து கேபிள் பரவளையமாவே நிக்குதுனு எடுத்துக்கறதால ஹேங்கர் எல்லாம் சேர்ந்து கர்டரை ஒரே சீரா மேல இழுக்குது, மீட்டருக்கு 8Hd/l² = 6.4 கிலோநியூட்டன், 100 மீட்டருக்கு 640. கீழ இறங்குற லோடே 500தான்! அப்போ கர்டரோட முனை ரியாக்‌ஷன் இடதுல 280 − 320 = −40, வலதுல 220 − 320 = −100. இதைப் பாத்ததும்தான் எனக்கு கை நடுங்கிடுச்சு, லோடு வச்சா சப்போர்ட் மேல தள்ளணும், இது கீழ இழுக்குதேனு அடிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சேன், டைம் போச்சு.

ரிசல்ட் வந்தப்புறம் இதைக் கேக்கறதுக்காகவே ரெண்டு பஸ் மாறி காலேஜுக்குப் போனேன். பாடம் எடுத்த சார் நோட்டைக்கூட வாங்கிப் பாக்கல, ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணுப்பானு அனுப்பிட்டாரு. அரை நாள் வீண். சாயங்காலம் எம்.இ. படிக்கிற பக்கத்து வீட்டு அக்காதான் பேப்பரைப் பாத்துட்டு, "டேய், மைனஸ் வந்தா தப்புனு யாருடா சொன்னா? ஹேங்கர் தூக்குறது லோடை விட ஜாஸ்தி, அப்போ முனை மேல எழும்பாம யாராவது புடிச்சுக்கணும்ல? அதான் அந்த 40ம் 100ம்"னாங்க. கூட்டிப் பாருனாங்க. 640 − 140 = 500. கரெக்டா மொத்த லோடு! அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் மொமென்ட். எந்த இடத்துலயும் பீம் மொமென்ட்ல இருந்து Hy-ஐ கழிக்கணும், y அந்த இடத்துல கேபிளோட டிப், அவ்ளோதான்:

```
y = 4dx(l-x)/l²
x=20: 5600 - 800*6.4 = +480
x=60: 8800 - 800*9.6 = +1120
x=75: 5500 - 800*7.5 = -500
```

75 மீட்டர்ல லோடே இல்ல, ஆனா கர்டர் மேல்பக்கமா வளையுது, ஹாகிங். வலது முனையில இருந்து 15.6 மீட்டர்ல இது −781 வரைக்கும் போகுது. லோடு இருக்குற இடத்தை மட்டும் பாத்தா இதை விட்டுடுவோம். ஷியர் ஜீரோ ஆகுற இடத்தைத் தேடுங்க.

இதுல y-ஐ எங்க இருந்து அளக்கறதுங்கறது பெரிய குழி. டவர் உச்சி ரெண்டையும் சேர்க்கற கோட்டுல இருந்து கீழ அளக்கணும். கேபிளோட அடிப்புள்ளியில இருந்து அளந்தா 20 மீட்டர்ல 6.4க்குப் பதிலா 3.6 வரும், மொமென்ட் +2720னு எங்கயோ போயிடும். கண்டுபிடிக்க ஈஸியான வழி, அதே y-ஐ வச்சு நடு ஹிஞ்ச்ல மொமென்ட் போட்டுப் பாருங்க. ஜீரோ வரலனா y தப்பு.

H-க்கும் ஒரு செக் இருக்கு. H-ஓட இன்ஃப்ளுயன்ஸ் லைன் வெறும் முக்கோணம், நடு உயரம் l/4d = 2.5. 20 மீட்டர்ல 1, 60 மீட்டர்ல 2. 200×1 + 300×2 = 800. அரை நிமிஷ வேலை.

கர்டரோட சொந்த எடை ஸ்பான் முழுக்க சீரா மீட்டருக்கு 10 கிலோநியூட்டன்னு குடுத்தா பயப்படாதீங்க. அதை முழுசா கேபிள்தான் தாங்குது, H-ல wl²/8d = 1250 கூடும், மொமென்ட்ல ஒண்ணும் கூடாது, முனையில இருக்குற −40, −100ம் அப்படியேதான் இருக்கும். கேபிளோட உச்ச இழுவைக்கு மட்டும் மொத்த H 2050ஐ எடுக்கணும், டவர்ல 2208 வரும்.

இந்த தடவை பரீட்சையிலயும் ஒரு முனையில மைனஸ் வந்துச்சு. அடிக்கல. பக்கத்துல கீழ்நோக்கி அம்புக்குறி போட்டு "முனையை கீழ பிடிச்சு நிறுத்தணும்"னு இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதி, கூட்டிக் காட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.