ஒவ்வொரு வரிசையிலும் பெரிய எண்ணுக்கு நிறம்

வாடிக்கையாளர் புகார்களைத் தொகுக்கும் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, அரையாண்டுக்கு ஒரு எக்செல் தாள் என் கைக்கு வரும். A நெடுவரிசையில் புகார் வகை, B முதல் G வரை ஜனவரியிலிருந்து ஜூன் வரையிலான எண்ணிக்கை, கீழே 41-ஆம் வரிசை வரை நாற்பது வகைகள். கூட்டத்தில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: எந்தப் புகார் எந்த மாதத்தில் உச்சத்துக்குப் போனது? அதனால் ஒவ்வொரு வரிசையிலும் பெரிய எண்ணுக்கு மஞ்சள் பூச வேண்டும்.

எனக்கு முன்னால் அந்தத் தாளைப் பார்த்தவர்கள் கையால்தான் பூசிவந்தார்கள். தாமதமாக வந்த புகார்களைச் சேர்த்ததும் எண் மாறும், மஞ்சள் மட்டும் பழைய செல்லிலேயே நிற்கும். எக்செல்லில் தயாராக இருக்கும் Top 10 Items என்ற விதியில் 10-ஐ 1 ஆக்கினால் போதுமே என்று தோன்றும். ஆனால் அது தேர்ந்தெடுத்த பகுதி முழுவதையும் ஒரே குவியலாகப் பார்த்து, நாற்பது வரிசைக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய எண்ணைத்தான் காட்டும். வரிசைக்கு ஒன்று வேண்டுமென்றால் ஃபார்முலா எழுதத்தான் வேண்டும்.

அதற்கு B2-வில் தொடங்கி G41 வரை இழுத்துத் தேர்ந்தெடுத்து, Conditional Formatting, New Rule, அதில் Use a formula to determine which cells to format என்று போய் இதை எழுத வேண்டும்:

```
=B2=MAX($B2:$G2)
```

இந்த ஃபார்முலா B2 என்ற ஒரு செல்லுக்காக எழுதப்பட்டது. மற்ற செல்கள் ஒவ்வொன்றுக்கும் எக்செல் அதைத் தானே நகர்த்திப் படித்துக்கொள்கிறது. D7-க்கு வரும்போது அது `=D7=MAX($B7:$G7)` ஆகிறது. டாலர் குறி எழுத்துக்கு முன்னால் மட்டும் இருப்பதால் B-யும் G-யும் அசையாமல் நிற்கின்றன. வரிசை எண் மட்டும் கீழே இறங்குகிறது. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

டாலரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரிசையை வைத்துப் பார்க்கலாம். ஜனவரியிலிருந்து 14, 9, 22, 17, 19, 11. `=B2=MAX(B2:G2)` என்று எழுதினால், பார்க்கும் பகுதியும் செல்லோடு சேர்ந்து வலப்பக்கம் நகரும். ஒவ்வொரு எண்ணும் தன்னோடும் தனக்கு வலப்பக்கம் இருப்பவற்றோடும் மட்டும் ஒப்பிடப்படும். 22 நிறம் பெறுவது சரி. ஆனால் அதற்குப் பின்னால் வரும் 19-ம், வலப்பக்கம் எதுவுமே இல்லாத 11-ம் நிறம் பெற்றுவிடும். ஒரு வரிசையில் இப்படி இரண்டு மூன்று மஞ்சள் தெரிந்து, அதில் கடைசி மாதம் எப்போதும் இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். மாறாக `$B$2:$G$2` என்று எல்லாவற்றையும் கட்டிப்போட்டால், நாற்பது வரிசைகளும் இரண்டாம் வரிசையின் பெரிய எண்ணோடு ஒப்பிடப்படும். ஃபார்முலா பெட்டியில் இருக்கும்போது மவுஸால் செல்லைத் தொட்டால் எக்செல் இந்த இரட்டை டாலர் வடிவத்தைத்தான் தானாகப் போடுகிறது. அதனால் நான் எப்போதும் கையால்தான் தட்டச்சு செய்வேன்.

தேர்ந்தெடுக்கும் திசையும் முக்கியம். ஒருமுறை சக ஊழியர் ஒருவர், ஃபார்முலா சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கிட்டத்தட்ட தாள் முழுக்க மஞ்சளாகிவிட்டது என்று அழைத்தார். அவர் G41-இல் தொடங்கி மேல்நோக்கி இழுத்திருந்தார். அப்போது செயலில் இருக்கும் செல் G41. அவர் எழுதிய B2-வை எக்செல் "எனக்கு 39 வரிசை மேலே, ஐந்து நெடுவரிசை இடப்பக்கம் இருக்கும் செல்" என்று எடுத்துக்கொண்டது. மேலே இருக்கும் வரிசைகளுக்கு அப்படி ஒரு இடம் தாளில் இல்லாததால், சுற்றிக்கொண்டு தாளின் அடிக்கோடிக்குப் போய், அங்கிருக்கும் வெற்று வரிசைகளைப் பார்த்தது. B2-வில் நின்று Manage Rules-ஐத் திறந்தால் XFA, பத்து லட்சத்துக்கு மேல் ஒரு வரிசை எண் என்று விசித்திரமாக எழுதியிருக்கும். அதைக் கண்டால் உடனே புரிந்துகொள்ளலாம்.

வெற்று வரிசையைப் பார்த்தால் ஏன் மஞ்சள் வர வேண்டும்? எதுவும் இல்லாத பகுதிக்கு MAX தரும் விடை 0. வெற்று செல்லை 0-வோடு ஒப்பிட்டால் எக்செல் இரண்டும் சமம் என்கிறது. அதனால் இன்னும் எண் நிரப்பாத வரிசை முழுவதும் நிறம் பெற்றுவிடும். ஒரு வகையில் சில மாதங்களுக்கு 0 பதிவாகி மற்றவை காலியாக இருந்தாலும் இதே கதைதான். எனவே நான் பயன்படுத்தும் ஃபார்முலா இது:

```
=AND(B2<>"",B2=MAX($B2:$G2))
```

இதுவரை சொன்னவையெல்லாம் கண்ணில் படும் கோளாறுகள். கண்ணில் படாத ஒன்றுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. வேறு மென்பொருளிலிருந்து வரும் எண்களில் சில, உரையாக வந்து உட்கார்ந்துவிடும். 104 என்று தெரியும், ஆனால் எக்செல்லுக்கு அது எழுத்து. MAX அதைத் தாண்டிப் போய், அடுத்து இருக்கும் 87-ஐப் பெரியது என்கிறது; மஞ்சளும் 87-இல் விழுகிறது. வரிசைக்கு ஒரு நிறம் ஒழுங்காக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஓரத்தில் ஒரு வெற்று நெடுவரிசையில் இதைப் போட்டுக் கீழே இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது:

```
=COUNTA(B2:G2)-COUNT(B2:G2)
```

விடை 0 இல்லாத வரிசையில் எண் அல்லாத ஏதோ இருக்கிறது. பிரச்சினை உள்ள நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, Data பகுதியில் Text to Columns போய் நேராக Finish அழுத்தினால் பெரும்பாலும் எண்ணாகிவிடும். செல்லின் வடிவம் Text என்று இருந்தால் முதலில் General ஆக்கிவிட வேண்டும்.

இன்னொன்று, பழைய மஞ்சள். கையால் பூசிய நிறத்தை விதி அழிக்காது. விதி பொருந்தாத செல்லில் பழைய பூச்சு அப்படியே தெரியும், அதுவும் அதே மஞ்சளில். தொடங்கும் முன் No Fill கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு மாதங்களில் ஒரே எண் வந்தால் இரண்டும் நிறம் பெறும். என்னைக் கேட்டால் அதுதான் நேர்மை. உச்சம் இரண்டு முறை வந்திருக்கிறது, அதை மறைப்பானேன்? முதலில் வந்தது மட்டும் போதும் என்று மேலாளர் கேட்டால் இதைப் போடலாம்:

```
=COLUMNS($B2:B2)=MATCH(MAX($B2:$G2),$B2:$G2,0)
```

பிறகு ஜூலை வரும். G-க்கு அடுத்து புதிதாக H-இல் எழுதினால் MAX-க்குள் இருக்கும் பகுதி தானாக நீளாது. அதனால் H-ஐ வெறுமையாக, ஒடுக்கமாக விட்டு, விதியையும் ஃபார்முலாவையும் H வரை எழுதிவிடுகிறேன். புது மாதத்தை அந்த H-க்கு முன்னால் Insert செய்தால், நடுவில் நுழைவதால் பகுதி தானே விரிகிறது. மொத்தம் போடும் நெடுவரிசை அந்த வெற்று நெடுவரிசைக்கு அந்தப் பக்கம் போய்விடும். இல்லையென்றால் மொத்தமே வரிசையில் பெரிய எண்ணாகிவிடும்.