ஆண்டு விழாவுக்கு முந்தைய மூன்று மாதங்கள்: சத்துவாச்சாரியில் ஒரு பரதநாட்டிய வகுப்பு

எட்டு வயதான என் மகளை வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பரதநாட்டிய வகுப்பில் விஜயதசமி நாளன்று சேர்த்தோம். அதற்கு முன்பு காட்பாடிப் பக்கம் வேறொரு வகுப்பில் நான்கு மாதம் படித்தாள். அங்கே முதலில் கற்கும் அடிப்படை அசைவான தட்டடவே முழுதாக முடியாத நிலையில் ஒரு திரைப்பாடலுக்கு ஆடப் பழக்கி மேடையேற்றினார்கள். வீடு திரும்பிய பிறகு முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் நில் என்றால் அவளால் பத்து விநாடி கூட நிற்க முடியவில்லை என்பதைக் கண்டுதான் அந்த வகுப்பை விட்டோம். ஆகவே இந்த முறை சேர்ப்பதற்கு முன்பே ஆசிரியரிடம் ஒன்றை மட்டும் கேட்டேன்: ஜனவரியில் நடக்கும் ஆண்டு விழாவில் இவள் ஆடுவாளா? "இந்த வருஷம் ஆட மாட்டா. கீழே உட்கார்ந்து பார்க்கட்டும், அதுவும் பாடந்தான்" என்றார். அந்தப் பதிலுக்காகவே சேர்த்தோம் என்று சொன்னாலும் தவறில்லை.

ஆசிரியரின் பொறுமையை நான் கண்டது நாட்டடவில்தான். தட்டடவில் காலைத் தட்டினால் போதும். நாட்டடவில் காலைப் பக்கவாட்டில் நீட்டிக் குதிகாலை ஊன்றி, மற்றொரு முழங்காலை மடக்கிய நிலையிலேயே நிறுத்த வேண்டும். 'தெய்யும் தத்த தெய்யும் தா' என்று சொல்லும்போது என் மகள் காலை நீட்டும் ஒவ்வொரு முறையும் மடங்கியிருந்த முழங்கால் நிமிர்ந்து விடும். ஏறக்குறைய ஐந்து வாரம் இந்தத் தவறு நீடித்தது. ஒரு மாலை வகுப்பில் ஆசிரியர் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு அவள் அருகே தரையில் அமர்ந்தார். அவளுடைய இடுப்பைப் பிடித்து அழுத்தவில்லை. தம் உள்ளங்கையை அவள் உச்சந்தலைக்கு மேலே, படாமல், இரண்டு விரற்கடை உயரத்தில் பிடித்துக்கொண்டு, "கால் நீட்டும்போது என் கையில உன் தலை இடிக்கக் கூடாது கண்ணு" என்றார். நான்கைந்து முறை இடித்தது. பிறகு இடிப்பது நின்றது. முழங்கால் நிமிர்ந்தால் தலை உயரும் என்பதை அந்தக் குழந்தை சொல்லாமலே புரிந்துகொண்டாள். வகுப்பைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கும் இது உதவும்: மூன்றாம் காலத்தில் வேகமாக ஆடும்போது பிள்ளைகளின் கால்களைப் பார்க்காமல் தலைகளைப் பாருங்கள். தலைகள் மேலும் கீழும் ஏறி இறங்கினால், மெதுவான முதற்காலத்தில் அரைமண்டி உறுதிப்படும் முன்பே வேகத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று பொருள்.

ஆனால் சாதாரண மாதத்தில் பொறுமையாக இருப்பது ஒன்று, விழா நெருங்கும்போது பொறுமையாக இருப்பது வேறு. அடுத்த ஆண்டு நவம்பரில் ஒத்திகை தொடங்கியதும் அதைக் கண்டோம். என் மகளோடு ஒன்பது பிள்ளைகள், மலர் தூவி வணங்கும் தொடக்க உருப்படியான புஷ்பாஞ்சலி ஆடுவதென்று முடிவாயிற்று. அலாரிப்பு தரவில்லையே என்று சில தாய்மார்களுக்கு வருத்தம் இருந்தது. கண், கழுத்து, தோள் என ஒவ்வோர் உறுப்பும் தாளத்தில் தனித்தனியே அசைய வேண்டிய உருப்படி அது என்றும், குழுவில் ஒரு பிள்ளை பிசகினாலும் அது அப்படியே கண்ணில் படும் என்றும் ஆசிரியர் விளக்கினார். எனக்கு அது சரியாகவே பட்டது. டிசம்பரில் வாரம் இரண்டு வகுப்பு நான்காயிற்று. வரிசை மாறும் ஓர் இடத்தில் பிள்ளைகள் தொடர்ந்து மோதிக்கொண்டபோது அவருடைய குரல் உயர்ந்தது உண்மை. ஒரு நாள் ஒரு சிறுமி அழுதும் விட்டாள். அன்று அவர் அந்த இடத்தையே எளிதாக்கி, குறுக்கே கடப்பதை நீக்கிவிட்டார். பிள்ளையைக் குறை சொல்லாமல் அமைப்பை மாற்றியதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒத்திகை நாள்களிலும் முதல் இருபது நிமிடம் அடவுப் பயிற்சி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது நின்றுவிடும் வகுப்புகளில் பிள்ளைகள் பிப்ரவரியில் மீண்டும் தட்டடவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எனக்கிருந்த மனக்குறை கட்டணத்தைப் பற்றியது. சேர்க்கைக்கு 1,000 ரூபாய், மாதம் 900 ரூபாய், மே மாதம் விடுமுறை என்பதால் கட்டணம் இல்லை. இவ்வளவுதான் தொடக்கத்தில் சொல்லப்பட்டது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில், விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, அரங்கு, ஒலி, ஒளிப்பதிவு ஆகியவற்றுக்காக ஒவ்வொரு குடும்பமும் 3,000 ரூபாய் தர வேண்டும் என்று செய்தி வந்தது. அத்துடன் உடை வாடகை 900, நகையும் தலை அலங்காரமும் 400, ஒப்பனை 500. மொத்தம் 4,800 ரூபாய். பதினொரு மாதக் கட்டணமான 9,900 ரூபாயோடு சேர்த்தால் ஆண்டுக்கு 14,700; அதாவது 900 என்று நாம் மனத்தில் வைத்திருந்த மாதச் செலவு உண்மையில் 1,225 ரூபாய். தொகை அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொங்கலுக்கு முந்தைய மாதத்தில், இரண்டு பிள்ளைகளையும் அனுப்பும் ஒரு குடும்பத்துக்கு 9,600 ரூபாய் திடீரென்று வந்தது. அவர்களில் மூத்தவளை விழாவிலிருந்து விலக்கிக்கொள்ளப் போவதாக அந்தத் தாய் என்னிடம் சொன்னபோது கண் கலங்கினார்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போய்ப் பேசினோம். "டீச்சர், ஜூன்லயே சொல்லியிருந்தா மாசம் கொஞ்சமா எடுத்து வெச்சிருப்போம்" என்றுதான் தொடங்கினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. அரங்க வாடகை உறுதியாகும் வரை தொகையைச் சொல்லத் தயங்கியதாகச் சொல்லி, செலவுக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார். அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது பிள்ளையின் பங்குத் தொகையைப் பாதியாக்கி, மீதியை மார்ச்சுக்குள் தரச் சொன்னார். உடை வாடகைக்குத்தான் வேறு வழியில்லை. சொந்தமாகத் தைக்க 4,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று தையற்காரர் சொன்னார். வளரும் வயதில் அது ஓர் ஆண்டுக்கு மேல் பொருந்தாது. தைத்தே ஆக வேண்டும் என்பவர்கள், ஓரத்தில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள்; ரவிக்கையையும் இடுப்பையும் அடுத்த ஆண்டு பிரித்து விடலாம்.

விழா நாளில் பிள்ளைகளை மூன்று மணிக்கே ஒப்பனைக்கு வரச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளின் உருப்படி மேடையேறியபோது மணி ஏழரை. நான்கரை மணி நேரம் இறுக்கிக் கட்டிய உடையில், சடையில் குஞ்சலத்தோடு, சின்னப் பிள்ளைகள் சாய்ந்து உட்காரவும் முடியாமல் இருந்தார்கள். சிறியவர்களை முதலில் ஆட விட்டிருக்கலாம் என்று பிறகு ஆசிரியரிடமே சொன்னேன். முதல் வரிசையில் அமரும் விருந்தினர் ஆறரைக்குத்தான் வருவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அதை நான் ஏற்கவில்லை.

இந்த ஜூன் மாதம் கட்டணத் தாளில் விழாப் பங்குத் தொகை 3,000 ரூபாய் என்று தனி வரியாக அச்சாகி வந்தது, நான்கு தவணையில் செலுத்தலாம் என்ற குறிப்போடு. சிறுவர் நிகழ்ச்சி முதலில் நடக்குமா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. அக்டோபர் பெற்றோர் கூட்டத்தில் மீண்டும் கேட்பதாக இருக்கிறேன்.